காசல்ரீ தண்ணீரின் விலை கெரவலப்பிட்டியில் தீர்மானமாவது எப்படி?

ஹட்டன், நோர்வூட் பக்கம் மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "டேம் நிறைய தண்ணி கிடக்கு, அப்புறம் எதுக்கு டீசல் எரிக்கிறாங்க?" நியாயமான கேள்விதான். மலையில் விழும் தண்ணீருக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. டீசலையும் நிலக்கரியையும் டொலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் சும்மா, எண்ணெய் காசு என்றால் தண்ணீரை முடித்துவிட்டல்லவா எண்ணெயைத் தொட வேண்டும்?

இந்தக் கணக்கில் ஓரிடத்தில் பிழை இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க, பொருளியல் பாடத்தில் வரும் ஒரு பழைய கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரே உரிமையாளர், பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு செலவு. மொத்தச் செலவு ஆகக் குறைய வேண்டுமானால் உற்பத்தியை எப்படிப் பங்கிடுவது? இலங்கையில் இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் போட்டாக வேண்டியிருந்த நிறுவனம் மின்சார சபை. பெரிய நீர்மின் நிலையங்களும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் சில எண்ணெய் நிலையங்களும் அதனுடையவை. மீதியைத் தனியாரிடம் வாங்கியது. வாங்கி விற்கும் கை ஒன்றே என்பதால் பங்கீட்டைப் பொறுத்தவரை எல்லாமே ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். சபையைப் பிரிக்கும் சட்டம் 2024 இல் வந்தது. பிரித்தாலும், எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்து சொல்லும் வேலை இல்லாமல் போகாது.

முதலில் தண்ணீரை ஒதுக்கிவைத்துவிட்டு, எண்ணெயில் ஓடும் இரண்டு நிலையங்களை மட்டும் எடுப்போம். எண்கள் கற்பனை, கணக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செலவு ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறேன். 'அ' நிலையத்தில் அடுத்த அலகு மின்சாரத்தை உண்டாக்க ஆகும் செலவு, அதாவது எல்லைச் செலவு, 20 ரூபாவில் தொடங்கி, ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 20 சதம் ஏறுகிறது. 'ஆ' நிலையத்தில் அது 30 ரூபாவில் தொடங்குகிறது, ஆனால் மெகாவாட்டுக்கு 10 சதம் வீதம்தான் ஏறுகிறது.

```
அ: எல்லைச் செலவு = 20 + 0.2 × அ
ஆ: எல்லைச் செலவு = 30 + 0.1 × ஆ
```

தேவை 50 மெகாவாட்டுக்குள் இருக்கும்வரை 'ஆ' நிலையத்தைத் திறக்கவே வேண்டாம். 'அ' நிலையம் 50 மெகாவாட்டை எட்டும்போதுதான் அதன் அடுத்த அலகு 30 ரூபாவாகிறது. அதற்கு மேல் இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். எப்படி என்றால், இரண்டின் கடைசி அலகுக்கும் ஒரே விலை வரும்படி. ஒன்றின் கடைசி அலகு 55 ரூபா, மற்றதன் கடைசி அலகு 45 ரூபா என்றால், முன்னதில் ஒரு அலகைக் குறைத்துப் பின்னதில் கூட்டினாலே கிட்டத்தட்ட 10 ரூபா மிச்சம். அந்த வித்தியாசம் மறையும்வரை மாற்றிக்கொண்டே போகலாம். மறைந்த பிறகு மாற்றுவதில் இலாபமில்லை. விதி இவ்வளவுதான்.

350 மெகாவாட் தேவை என்று வைப்போம். கணக்குப் போட்டால் 'அ' 150, 'ஆ' 200. இரண்டின் எல்லைச் செலவும் 50 ரூபா. ஒரு மெகாவாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1000 அலகு. ஒரு மணித்தியாலச் செலவு 'அ' நிலையத்தில் 52 இலட்சத்து 50 ஆயிரம், 'ஆ' நிலையத்தில் 80 இலட்சம், மொத்தம் 1 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம்.

சரி, இப்போது தலைமைக் கணக்காளர் இந்தத் தாளைப் பார்க்கிறார் என்று வையுங்கள். 'அ' நிலையத்தில் ஒரு அலகின் சராசரிச் செலவு 35 ரூபா, 'ஆ' நிலையத்தில் 40 ரூபா. "அ மலிவு, அங்கே 30 மெகாவாட் கூட்டுங்கள்" என்கிறார். கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவு 1 கோடியே 33 இலட்சத்து 85 ஆயிரமாகிறது. மலிவான நிலையத்துக்கு வேலையை மாற்றி மணிக்கு 1 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா நட்டம். 'அ' நிலையத்தின் 35 ரூபா, ஏற்கெனவே முடிந்துபோன மலிவான அலகுகளையும் சேர்த்து வந்த சராசரி. இனிக் கூட்டப்போகும் அலகுகள் 50 ரூபாவிலிருந்து 56 ரூபாவரை போகின்றன. கைவிடும் 'ஆ' அலகுகளோ 50 ரூபாவிலிருந்து 47 ரூபாவரைதான்.

நடைமுறையில் இந்தத் தவறு இன்னொரு உருவத்தில் வரும். 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நிலையம் ஜப்பானியக் கடனில் கட்டப்பட்டது. நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர நிலையம் 1960களைச் சேர்ந்தது. கட்டிய கடனையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மேல் கொத்மலை அலகுதான் விலை கூடியது. ஆனால் இன்று இரவு எதை எவ்வளவு ஓட்டுவது என்ற முடிவில் அந்தக் கடனுக்கு இடமே இல்லை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் தவணை கட்டத்தான் வேண்டும். தனியார் நிலையங்கள் தயாராக நிற்பதற்காகவே கொடுக்கும் கொள்ளளவுக் கட்டணமும் இதே சாதி. கட்டியாயிற்றே, காசு கொடுக்கிறோமே, ஓட்டினால் என்ன என்ற எண்ணம் பங்கீட்டைக் கெடுக்கும். பார்க்க வேண்டியது ஓட்டுவதால் புதிதாக ஆகும் செலவை மட்டும்.

தனியுரிமையாளர் விலையையும் தானே தீர்மானிக்கலாம் என்றால் கணக்கில் ஒரு படி கூடும். வாங்குவோர் கொடுக்கத் தயாரான விலை, 120 ரூபாவிலிருந்து மெகாவாட்டுக்கு 10 சதம் வீதம் குறைகிறது என்போம். அப்படியானால் எல்லை வருமானம், அதாவது அடுத்த அலகை விற்பதால் கூடும் வருமானம், இரட்டை வேகத்தில், 20 சதம் வீதம் குறையும். 350 மெகாவாட்டில் அது 50 ரூபா. இரண்டு நிலையங்களின் எல்லைச் செலவும் அதே 50. ஆகவே அவர் நிற்குமிடம் அதுதான், விலை 85 ரூபா. உயர்தர மாணவர்கள் வழமையாகத் தடுக்கி விழுவது இங்கேதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே எல்லை வருமானத்தை எல்லைச் செலவுக்குச் சமப்படுத்திவிடுவார்கள். 'அ' 250, 'ஆ' 300 என்று விடை வரும். இரண்டும் சேர்ந்து 550 மெகாவாட். அந்த அளவில் எல்லை வருமானம் வெறும் 10 ரூபா, எல்லைச் செலவோ 70, 60. சந்தை ஒன்று என்பதால் எல்லை வருமானமும் ஒன்றே, மொத்த உற்பத்தியை வைத்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். இலங்கையில் மின்கட்டணத்தை அங்கீகரிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்பதால் இந்த விலைப் படி நடைமுறையில் பெரிதாக வேலை செய்யாது. பங்கீட்டுப் படி அப்படியே இருக்கும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். பிழை இருக்கும் இடமும் இதுதான்.

நீர்மின் நிலையத்தில் எல்லைச் செலவு பூச்சியம் என்று எழுதினால் மேலே சொன்ன விதி என்ன சொல்லும்? அணை காலியாகும்வரை முழு வேகத்தில் ஓட்டு என்று சொல்லும். அப்படி ஓட்டியவர் இரண்டு மூன்று மாதத்தில் நாட்டையே இருட்டில் வைப்பார். காசல்ரீயில் இன்று திறந்துவிடும் ஒரு கன மீட்டர் தண்ணீர் நாளைக்கு இல்லை. அதை வைத்திருந்தால் நாளையோ அடுத்த மாதமோ ஏதோ ஒரு அனல் நிலையத்தை நிறுத்தியிருக்கலாம். அந்தக் கைவிட்ட மிச்சம்தான் தண்ணீரின் செலவு. அதனால் காசல்ரீத் தண்ணீரின் விலை நோர்வூட்டில் தீர்மானமாவதில்லை. கெரவலப்பிட்டியிலும் களனிதிஸ்ஸவிலும் சப்புகஸ்கந்தவிலும் எரியும் எண்ணெயின் கடைசி அலகுதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஒரு நாள் கணக்காகப் பார்ப்போம். எண்கள் மறுபடியும் உதாரணத்துக்குத்தான். இன்று செலவழிக்கலாம் என்று 600 மெகாவாட் மணித்தியாலத்துக்கு, அதாவது 6 இலட்சம் அலகுக்குத் தண்ணீர் இருக்கிறது. பகலில் கடைசியாக ஓடுவது 30 ரூபா அலகு. மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை உச்ச நேரம், அப்போது கடைசியாக ஓடுவது 60 ரூபா டீசல். பகலில் செலவழித்தால் 1 கோடியே 80 இலட்சம் மிச்சம். இரவுக்கு வைத்தால் இரட்டிப்பு, 3 கோடியே 60 இலட்சம் என்று தோன்றும். மழை விட்ட பிறகும் பகலில் சில நிலையங்கள் சத்தமில்லாமல் கிடப்பதற்கும், இரவு ஏழு மணிக்கு எல்லாம் ஒன்றாக இரைவதற்கும் காரணம் இது.

ஆனால் அந்த 3 கோடியே 60 இலட்சம் கொஞ்சம் ஏமாற்று. இரவில் டீசலுக்கு இருக்கும் வேலை 400 மெகாவாட் மணித்தியாலம் மட்டும்தான் என்றால், அதை நிறுத்தியபின் மிச்சத் தண்ணீர் நிறுத்துவது அடுத்த படியில் உள்ள 45 ரூபா நிலையத்தை. ஆகவே முதல் 400 க்கு 60 ரூபா வீதம், மிச்சம் 200 க்கு 45 ரூபா வீதம், மொத்தம் 3 கோடியே 30 இலட்சம். இன்று இரவு தண்ணீரின் எல்லைப் பெறுமதி 60 அல்ல, 45. அடுத்த மாதம் அதே தண்ணீர் 55 ரூபா அலகை நிறுத்தும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், இந்த 200 ஐ இன்று தொடாமல் வைப்பதே நல்லது. அப்போது மொத்த மிச்சம் 3 கோடியே 50 இலட்சம். முன்பு இரண்டு நிலையங்களுக்கு இடையே செய்த அதே சமப்படுத்தலை இப்போது இன்றைக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே செய்கிறோம். புதிய விதி எதுவும் இல்லை.

நிச்சயமாகத் தெரிந்தால் என்று சொன்னேன். மலைநாட்டில் அந்த நிச்சயம் கிடைப்பதில்லை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று இறங்கும் நேரம் என்று வைப்போம். அடுத்த மாதத்துக்குள் நீர்த்தேக்கம் வான் பாய்வதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. வான் பாய்ந்தால் சேமித்த தண்ணீர் சும்மா போய்விடும், பெறுமதி பூச்சியம். 55 ரூபாவில் மூன்றில் இரண்டு பங்கு 37 ரூபாவைக்கூடத் தொடாது. அப்படியானால் 45 ரூபாவுக்கு இன்றே செலவழிப்பதுதான் சரி. அதே கணக்கை மழை ஓய்ந்த ஜனவரியில் போட்டால் வாய்ப்பு வேறு, விடையும் வேறு. வான் பாயத் தொடங்கிய நாளில் தண்ணீரின் செலவு உண்மையாகவே பூச்சியம். நடுச்சாமத்திலும் விசையாழியை முழு வேகத்தில் ஓட்டலாம். ஹட்டன் பக்கம் கேட்ட கேள்வி அந்த நாளுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

மஸ்கெலியாவில் இந்தப் பெறுமதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. மட்டம் நன்றாக இறங்கும் வரட்சி மாதங்களில் பழைய கோயிலின் கற்கள் வெளியே வரும், பார்க்க ஆட்கள் திரளுவார்கள். அந்தக் கற்கள் தெரிகிற காலத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் விலை கூடியது.

எல்லாத் தண்ணீருக்கும் ஒரே பெறுமதி என்றும் இல்லை. காசல்ரீத் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தில் சுழல்கிறது. நோர்ட்டன் குளத்தில் தங்கிப் பழைய லக்சபானவுக்கு இறங்குகிறது. அங்கிருந்து லக்சபானக் குளம் வழியாகப் பொல்பிட்டிய. மவுசாகலைத் தண்ணீர் கனியன், புதிய லக்சபான வழியாக வந்து அதே குளத்தில் சேர்கிறது. காசல்ரீயிலிருந்து பொல்பிட்டியவரை விழும் உயரம் மொத்தம் 900 மீட்டருக்கு மேல். ஒரு கன மீட்டர் அத்தனை உயரம் விழுந்தால் ஏறத்தாழ 2 அலகு மின்சாரம். ஒரு அலகு 45 ரூபா என்றால் காசல்ரீயில் கிடக்கும்போது அந்தக் கன மீட்டர் 90 ரூபா பெறும். அதே தண்ணீர் லக்சபானக் குளத்துக்கு வந்துவிட்டால் மிஞ்சியிருப்பது பொல்பிட்டிய மட்டும், கிட்டத்தட்ட 0.6 அலகு, 27 ரூபா. மேலே இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றுவதும் கீழே இருப்பதை முதலில் செலவழிப்பதும் இதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. இடையிலுள்ள குளங்கள் சிறியவை. மேலே இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓட்டினால், பொல்பிட்டிய வாங்கும் அளவைத் தாண்டிக் குளம் வழியும். ஆகவே மூன்று படியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். தனித்தனி நிலையம் என்று தாளில் எழுதியிருந்தாலும் தண்ணீர் அவற்றை ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறது.

தலவாக்கலையில் நிலைமை வேறு. மேல் கொத்மலை 150 மெகாவாட் நிலையம், ஆனால் அதன் குளம் முழு வேகத்தில் சில மணித்தியாலம்தான் தாங்கும். அடுத்த மாதத்துக்கு வைப்பது என்ற பேச்சே அங்கே இல்லை. மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் மாற்றலாம், அவ்வளவுதான். கனமழை பெய்தால் வான்கதவு திறந்துவிடும். மவுசாகலையில் நிறைய இடமிருந்து, மேல் கொத்மலை நிரம்பி வழியும் நாளில் மவுசாகலையை மூடிவிட்டு மேல் கொத்மலையை ஓட்டுவதுதான் கணக்கு. இரண்டும் நீர்மின் நிலையம்தான், ஆனால் அன்றைய எல்லைச் செலவு ஒன்றுக்குப் பூச்சியம், மற்றதற்கு டீசல் விலை.

பங்கீடு பிழைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்தும் ஓரளவு பார்க்கலாம். ஒரு நீர்த்தேக்கம் வான் பாய்கிறது, அதன் விசையாழிகள் முழுதாக ஓடவில்லை, அதே நேரம் டீசல் எரிகிறது என்றால் ஏதோ சரியில்லை. அதேபோல, இரண்டு அனல் நிலையங்கள் அரைவாசி வேகத்தில் ஓட, ஒன்றின் அடுத்த அலகு மற்றதைவிடத் தெளிவாக மலிவு என்றாலும் பிழைதான். உடனே ஊழல் என்று குதிக்க வேண்டாம். இயந்திரம் பழுதுபார்ப்பில் இருக்கலாம், மலையிலிருந்து கீழே வரும் மின்கம்பிக்கு அதற்கு மேல் தாங்கும் சக்தி இல்லாதிருக்கலாம். நுரைச்சோலை போன்ற நிலக்கரி நிலையத்தை ஒரு மட்டத்துக்குக் கீழே இறக்க முடியாது. இரவுக்கு நிறுத்திக் காலையில் தொடங்கவும் முடியாது. அப்படி எந்தக் காரணமும் இல்லையென்றால் மட்டும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மகாவலிப் பக்கம் இன்னொரு கை குறுக்கே வருகிறது. கொத்மலையிலும் விக்டோரியாவிலும் உள்ள தண்ணீர் வயலுக்கும் வேண்டியது. பொல்கொல்லையில் வடக்கே திருப்பும் தண்ணீர் உக்குவளை நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் போகும், ஆனால் விக்டோரியாவைக் காணாது. எவ்வளவு திருப்புவது என்பதை மின்சாரக் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. விதைப்புக் காலத்தில் வயல் கேட்கும் தண்ணீரை இறக்கியே ஆக வேண்டும், இறக்கும்போது விசையாழி சுழலும், அந்த மின்சாரம் கணக்கில் மலிவாகவே விழும். உரிமையாளர் முழுச் சுதந்திரத்தோடு பங்கிடக்கூடிய இடம் லக்சபானப் பக்கம்தான் அதிகம்.

இந்தக் கணக்கு உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2022 இல் எல்லோரும் பார்த்தோம். டொலர் இல்லாமல் எண்ணெய் வரவில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. அனல் நிலையத்தின் அடுத்த அலகு 60 ரூபாவா 80 ரூபாவா என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை, என்ன விலைக்கும் அது இல்லை. அப்படி ஒரு நிலையில் தண்ணீரின் பெறுமதியை டீசல் விலையில் அளக்க முடியாது. இருட்டில் கிடக்கும் ஒரு மணித்தியாலத்தின் நட்டத்தில் அளக்க வேண்டும். அது எண்ணெயைவிடப் பல மடங்கு. எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று முந்திய மாதங்களில் அணையை இறக்குவது, கணக்குப் புத்தகத்தில் சேமிப்பாகத் தெரிந்தாலும், அந்தப் பெரிய நட்டத்தை வட்டியோடு பின்னுக்குத் தள்ளுவதுதான்.

இப்போது கணக்கு இன்னொரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. கூரைச் சூரிய மின்சாரம் பெருகியதால் விடுமுறை நாள் மதியங்களில் தேவை குறைந்து, எல்லைச் செலவும் விழுந்துவிடுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மதியம் மலிவு, இரவு விலை என்றால், மதிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி இரவு இறக்கும் நிலையம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி வரும். மஹா ஓயாவில் 600 மெகாவாட் அளவில் அப்படியொன்றைக் கட்டும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. ஏற்றி இறக்குவதில் நான்கில் ஒரு பங்கு வீணாகும் என்று வையுங்கள். இரவில் 3 அலகு எடுக்க மதியம் 4 அலகு செலவழிக்க வேண்டும். மதிய அலகு 30 ரூபா என்றால் இரவு அலகு 40 ரூபாவைத் தாண்டினால்தான் ஓட்டுவதில் அர்த்தம். மதிய அலகு 10 ரூபாவுக்கு விழுந்தால் இரவில் 14 ரூபாவே போதும். கட்டும் செலவு இதற்குள் வராது. அதைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளில் பார்க்க வேண்டும். கட்டி முடித்தபின் ஒவ்வொரு மதியமும் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களை மட்டும்தான்.